விடைத்தாளை இரண்டாம் முறை வாசிப்போம்

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக் கொடுக்கும் நாளில் பத்தாம் வகுப்பில் தவறாமல் ஒலிக்கும் ஒரு வாக்கியம் உண்டு. “எல்லாம் தெரியுங்க டீச்சர், அங்க போய் உக்காந்ததும் மறந்துபோச்சு.” பெரும்பாலும் இதை நாம் ஒரு சாக்காகவே கேட்டுக்கொள்கிறோம். வீட்டிலும் இதே வாக்கியத்துக்கு, “படிச்சிருந்தா எப்படி மறக்கும்?” என்ற பதில்தான் கிடைக்கிறது. பிள்ளை இரண்டு இடங்களிலும் தன்னை யாரும் நம்பவில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறது. பொதுத்தேர்வுக்கு இன்னும் மூன்று மாதங்கள் இருக்கும்போதே அதன் பேச்சு நின்றுபோகிறது.

அந்த வாக்கியம் சில பிள்ளைகளுக்கு உண்மை, சிலருக்குப் பாதி உண்மை, சிலருக்கு உண்மை இல்லை. யாருக்கு எது என்று கண்டுபிடிக்க உளவியல் படித்திருக்க வேண்டியதில்லை. நம் கையில் இருக்கும் விடைத்தாளே போதும். முதல் முறை மதிப்பெண் போடுவதற்காக வாசித்ததை, இரண்டாம் முறை அந்த மூன்று மணி நேரத்தில் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று அறிவதற்காக வாசிக்க வேண்டும். கணக்கு விடைத்தாளை வைத்து இதை விளக்குகிறேன். அதில் ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரியும் என்பதால் வாசிப்பது எளிது. மற்றப் பாட ஆசிரியர்களும் தங்கள் பாடத்துக்கு ஏற்ப இதைப் பொருத்திப் பார்க்கலாம்.

தெரிந்தது ஏன் வராமல் போகிறது?

ஒரு கணக்கைப் போடும்போது மனதில் ஒரு சின்னப் பலகை வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். நெடுநாள் நினைவில் இருக்கும் சூத்திரத்தை எடுத்து அந்தப் பலகையில் வைக்கிறோம். வினாவில் உள்ள எண்களையும் அதில் வைக்கிறோம். இப்போது போட்ட படியை நினைவில் வைத்துக்கொண்டே அடுத்த படியையும் அதிலேயே யோசிக்கிறோம். அந்தப் பலகை எல்லோருக்கும் சிறியதுதான். ஒரே நேரத்தில் மிகச் சில விஷயங்களைத்தான் அதில் வைத்திருக்க முடியும்.

கவலையும் அதே பலகையில்தான் எழுதப்படுகிறது. “நேரம் போகுதே”, “இதுலயும் போச்சுன்னா அம்மாகிட்ட என்ன சொல்றது?” என்ற எண்ணங்கள் பலகையின் பாதியைப் பிடித்துக்கொண்டால் கணக்குக்கு மீதிப் பாதிதான் கிடைக்கும். சூத்திரம் அழிந்துபோகவில்லை. அதை எடுத்து வைக்க இடம்தான் இல்லை. அதனால்தான் தேர்வறையை விட்டு வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றதும் பிள்ளைக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிடுகிறது.

பலகையில் அதிக இடம் கேட்காத வேலைகள் கவலைக்கு நடுவிலும் நடந்துவிடும். ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடையைத் தேர்ந்தெடுப்பது அப்படிப்பட்டது. பல படிகள் கொண்ட ஐந்து மதிப்பெண் வினா அப்படியல்ல, பதற்றம் முதலில் அடிப்பது அதைத்தான். இந்த வேறுபாட்டைத்தான் நாம் விடைத்தாளில் தேடப்போகிறோம்.

விடைத்தாளில் தெரியும் மூன்று அடையாளங்கள்

முதலாவது, அடித்தல். எல்லா அடித்தலும் ஒன்றல்ல. தவறான படியை அடித்துவிட்டுச் சரியாக எழுதியிருந்தால் அது நல்ல பழக்கம். சரியான படியை அடித்துவிட்டுத் தவறாக எழுதியிருந்தாலோ, சரியாக எழுதியதை அடித்துவிட்டு அந்த வினாவையே கைவிட்டிருந்தாலோ, அங்கே நின்று பார்க்க வேண்டும். தெரியாத பிள்ளையிடம் அடிப்பதற்குச் சரியான படி இருக்காது. தெரிந்தும் தன்னை நம்ப முடியாத பிள்ளைதான் அப்படி அடிக்கும்.

இரண்டாவது, எழுதிய வரிசை. கூடுதல் தாள்களைப் புரட்டினால் பிள்ளை எந்த வினாவை எப்போது எழுதியது என்பது தெரியும். ஒரே ஐந்து மதிப்பெண் வினாவுக்கு இரண்டு பக்கம் செலவழித்துவிட்டு, வகுப்பில் தவறாமல் போடும் எட்டு மதிப்பெண் வரைபடத்தைத் தொடாமலே விட்டிருந்தால், இடறியது பாடத்தில் அல்ல, நேரத்தில். கடைசிப் பக்கத்துக்கு முந்தைய இடத்தில் கையெழுத்து திடீரென மாறியிருப்பதும் இதோடு சேர்ந்தே வரும்.

மூன்றாவது, பார்த்து எழுதுவதில் வரும் பிழை. வினாத்தாளில் உள்ள குறை அடையாளம் விடைத்தாளில் கூட்டல் ஆகியிருக்கும், 43 என்பது 34 ஆகியிருக்கும், 31ஆம் வினாவின் விடைக்கு 32 என்று எண் போட்டிருக்கும். ஒன்றிரண்டு எல்லோருக்கும் வரும். முதல் பக்கங்களில் ஒன்றுகூட இல்லாமல் நடுவிலிருந்து அடுக்கடுக்காக வந்தால், எந்த இடத்தில் மனம் கலைந்தது என்பதை அந்தப் பக்கமே காட்டிக்கொடுக்கும்.

பாடமே தெரியாத பிள்ளையின் விடைத்தாள் வேறு மாதிரி இருக்கும். ஒரே இயலின் வினாக்கள் எல்லாம் விடப்பட்டிருக்கும். தவறான சூத்திரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தவறாக இருக்கும். கேட்ட வினாவுக்குப் பதில் மனப்பாடமாக இருந்த வேறொரு கணக்கு எழுதப்பட்டிருக்கும். அங்கே அடித்தல் குறைவாகவே இருக்கும். இந்தப் பிள்ளைக்கு “பதற்றப்படாதே” என்று ஆறுதல் சொல்வதால் பயனில்லை. அந்த இயலை மறுபடி கற்றுக்கொடுப்பதுதான் அதற்குத் தேவையான உதவி.

இந்த அடையாளங்கள் ஐயத்தை மட்டுமே தரும். உறுதிப்படுத்த ஒரு எளிய வழி இருக்கிறது. மதிப்பெண்ணை மறைத்து, விடாமல் விட்ட அல்லது அடித்துவிட்ட மூன்று வினாக்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, புத்தகம் பார்க்காமல், நேரக் கட்டுப்பாடு இல்லாமல், அமைதியான இடத்தில் போடச் சொல்ல வேண்டும். மூன்றில் இரண்டாவது முழுதாக வந்தால் “தெரியும், அங்கே மறந்துபோச்சு” என்பது உண்மை. ஒன்றும் வரவில்லை என்றால் கற்றலில் இடைவெளி. பல பிள்ளைகளிடம் இரண்டும் கலந்தே இருக்கும். அப்போது எது எவ்வளவு என்றாவது நமக்குத் தெரிந்துவிடும்.

ஒரு மதிப்பெண்ணில் நின்ற மாணவி

எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்த ஒரு மாணவி காலாண்டில் கணக்கில் 58 எடுத்திருந்தார். அரையாண்டில் 34. தேர்ச்சிக்கு ஒரு மதிப்பெண் குறைவு. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார், அப்பா சரக்கு வண்டி ஓட்டுகிறார். மதிப்பெண் அட்டையில் கையெழுத்து வாங்கிய இரவு, “பத்தாவதோட போதும், அம்மாகூட கம்பெனிக்குப் போகட்டும்” என்று அப்பா சொன்னதாகத் தோழிகள் வழியே தெரியவந்தது.

அந்த 34 எப்படி வந்தது என்று பார்த்தோம். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14இல் 11 சரி. இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்து எழுத வேண்டிய இடத்தில் ஏழு எழுதி 9 மதிப்பெண். ஐந்து மதிப்பெண் வினாக்கள் பத்துக்கு ஐந்து எழுதி, எதையும் முடிக்காமல் 10 மதிப்பெண். செய்முறை வடிவியலில் 4. வரைபடம் எழுதவே இல்லை. ஒரு மதிப்பெண் வினாவில் 11 எடுக்கும் பிள்ளைக்குப் பாடம் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். இழப்பு முழுவதும் பல படிகள் உள்ள வினாக்களில்தான் இருந்தது.

அந்த ஐந்து மதிப்பெண் வினாக்களில் ஒன்று, 300க்கும் 600க்கும் இடையே 7ஆல் வகுபடும் இயல் எண்களின் கூடுதல். அவர் முதலில் a = 301, d = 7, l = 595 என்று எழுதி, n = 43 என்றும் கண்டுபிடித்திருந்தார். அத்தனையும் சரி. அதன்மேல் குறுக்குக் கோடு. கீழே n = 42 என்று எழுதி அதையும் அடித்துவிட்டு, மறுபடி 301 என்று தொடங்கி நின்றுவிட்டார். அடித்த பகுதியைத் தொடர்ந்திருந்தால் இன்னும் ஒரே படிதான் பாக்கி. 43/2 × (301 + 595) = 19264. முழு மதிப்பெண் கிடைத்திருக்கும்.

மதிய உணவு இடைவேளையில் அந்த வினாவையும் வேறு இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து நூலக அறையில் உட்காரவைத்தேன். கூடுதல் கணக்கும் வரைபடமும் முழுதாக வந்தன. மூன்றாவது கணக்கு வரவில்லை. அது உண்மையாகவே அவருக்குத் தெரியாத இயல்.

அதன் பிறகுதான் பேசினேன். “ஏன் மறந்துச்சு?” என்று கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளையிடமும் பதில் இருக்காது. விடைத்தாளில் அடித்த இடத்தைக் காட்டி, “இந்த இடத்துல இருந்தப்ப என்ன ஆச்சு கண்ணு?” என்று கேட்டேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, “பக்கத்துல உக்காந்திருந்தவ எந்திரிச்சு அடிஷனல் ஷீட் கேட்டாங்க டீச்சர். நான் ரெண்டாவது பக்கத்துலதான் இருந்தேன். நான் போட்டது தப்போன்னு தோணிருச்சு” என்றார். அதற்குப் பிறகு கை வியர்த்ததையும், வினாத்தாளில் எழுத்து தெரிந்தும் பொருள் புரியாமல் போனதையும் தானாகவே சொன்னார். இடத்தைக் காட்டிக் கேட்டால் பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள்.

அவரிடம் மூன்று செய்திகள் சொன்னேன். நீ சொன்னது உண்மை என்று உன் விடைத்தாளே காட்டுகிறது. கை வியர்ப்பதும் நெஞ்சு படபடப்பதும் தேர்வை முக்கியமாக நினைக்கும் உடம்பு செய்யும் வேலை, அது நோய் இல்லை. ஒரு இயல் மட்டும் தெரியவில்லை, அதைச் சேர்ந்து படிப்போம்.

பதற்றத்தோடே எழுதப் பழகுதல்

பதற்றமே இல்லாமல் ஆக்குவது எங்கள் நோக்கமாக இல்லை. அது முடியவும் முடியாது. பதற்றம் வரும்போது கை என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்துவைத்தால் பலகையில் இடம் மிஞ்சும். ஆறு வாரம் மூன்று பழக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

முதல் பழக்கம், வரிசையை முன்பே முடிவு செய்வது. பொதுத்தேர்வில் காலை 10 மணிக்கு வினாத்தாள் கிடைக்கிறது. முதல் 10 நிமிடம் வாசிக்க, அடுத்த 5 நிமிடம் விடைத்தாளின் முகப்பு விவரங்களைச் சரிபார்க்க. 10.15க்கு எழுதத் தொடங்கினால் 1.15 வரை மூன்று மணி நேரம். அந்த 10 நிமிடத்தில் பல பிள்ளைகள் தெரியாத வினாவைத்தான் தேடுகிறார்கள், எழுதும் முன்பே பயந்துவிடுகிறார்கள். இவர் தெரிந்த வினாக்களை மட்டும் தேடப் பழகினார். பிறகு எழுதும் வரிசை: ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 15 நிமிடம், உடனே வரைபடமும் வடிவியலும் 40 நிமிடம், ஐந்து மதிப்பெண் வினாக்கள் 80 நிமிடம், இரண்டு மதிப்பெண் வினாக்கள் 30 நிமிடம், மீதி 15 நிமிடம் சரிபார்க்க. எட்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டையும் முன்னால் கொண்டுவந்ததற்குக் காரணம், அவை கையால் செய்யும் வேலை. அளவுகோலும் பென்சிலும் பிடித்து வேலை செய்யும்போது மனம் கொஞ்சம் அடங்குகிறது. இது எல்லோருக்கும் பொருந்தும் வரிசை அல்ல. ஐந்து மதிப்பெண் வினாவில் வலுவான பிள்ளை அதை முன்னால் வைத்துக்கொள்ளலாம். வரிசை எதுவாக இருந்தாலும் அது வீட்டிலேயே முடிவாகியிருக்க வேண்டும்.

இரண்டாவது பழக்கம், அடிப்பதற்கு முன் நிறுத்துவது. மாற்று விடையை முழுதாக எழுதி முடிக்கும்வரை பழைய விடையை அடிக்கக் கூடாது. எழுத முடியாமல் நின்றுபோனால் அரைப் பக்கம் இடம் விட்டு அடுத்த வினாவுக்குப் போய்விட வேண்டும். போவதற்கு முன் பேனாவைக் கீழே வைத்து, இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி, மூச்சை மெதுவாக நான்கைந்து முறை வெளியே விட வேண்டும். அரை நிமிடம்கூட ஆகாது.

மூன்றாவது பழக்கம், பதற்றத்தைச் சிறிய அளவில் முன்பே சந்திப்பது. முதல் வாரம் இரண்டே வினாக்கள், 20 நிமிடம், தன் வகுப்பில் தன் இடத்தில். அடுத்த வாரம் அதே அளவு, வேறு அறையில். அதற்கடுத்த வாரம் ஐந்து வினாக்கள், நான் பெஞ்சுகளுக்கு இடையே நடந்துகொண்டிருப்பேன். நான்காம் வாரம் இரண்டு தோழிகளை நடுவில் எழுந்து கூடுதல் தாள் கேட்கச் சொன்னேன். முதல் முறை சிரித்துவிட்டார், ஆனால் அடிக்கவில்லை. பயந்த ஒன்றைச் சின்ன அளவில் பலமுறை பார்த்துவிட்டால் அதன் பலம் குறைந்துவிடுகிறது. ஒரு படி கடினமாகத் தெரிந்தால் முந்தைய படிக்குத் திரும்பலாம், அவசரம் இல்லை.

தெரியாத அந்த இயலை மட்டும் தனியே கற்றுக்கொடுத்தேன். படிக்கும் முறையிலும் ஒரு மாற்றம் செய்தோம். திரும்பத் திரும்ப வாசிப்பதை விட்டுவிட்டு, ஒருமுறை பார்த்தபின் புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்ப்பது. இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு உரைப்பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது அதிகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியவர்களே அதிகம் சொன்னார்கள். வாசித்துக்கொண்டே இருக்கும்போது எல்லாம் தெரிந்தது போன்ற நிறைவு வருகிறது, அது தேர்வறையில் உதவுவதில்லை. புத்தகத்தை மூடிவிட்டு எழுதும்போது எது வரவில்லை என்பது வீட்டிலேயே தெரிந்துவிடும். அதை அப்போதே திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

முதல் திருப்புதல் தேர்வில் 41 வந்தது. இரண்டாவதில் 38. குறைந்ததும் பிள்ளை துவண்டுவிட்டார். விடைத்தாளைப் பார்த்தால் அடித்தல் இல்லை, வரிசை சரி, பார்த்து எழுதும் பிழைகள் மட்டும் நிறைய இருந்தன. கேட்டபோது முந்தைய இரவு இரண்டு மணிவரை படித்ததாகச் சொன்னார். அன்றைய இழப்பு பதற்றத்தால் அல்ல, தூக்கக் குறைவால். மூன்றாவது தேர்வுக்கு முன்பு பத்து மணிக்குப் படுத்தார், 52 வந்தது. பொதுத்தேர்வில் 57. காலாண்டில் எடுத்ததைவிட ஒன்று குறைவுதான். ஆனால் அது அவருடைய உண்மையான மதிப்பெண். இப்போது எங்கள் பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் படிக்கிறார்.

பெற்றோரிடம் எதைச் சொல்வது?

இடையில் அந்த அம்மாவை வரச் சொல்லியிருந்தேன். வேலை நாளில் வந்தால் அரை நாள் சம்பளம் போய்விடும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை வந்தார். “அவளுக்காகத்தாங்க டீச்சர் ஓவர்டைம் பார்க்கிறேன். அதைத்தான் தினமும் சொல்றேன், அப்பவாவது படிக்கட்டும்னு” என்றார். அவர் சொன்னதில் அன்புதான் இருந்தது. ஆனால் தேர்வறையில் அந்தப் பிள்ளையின் பலகையை நிரப்பியதும் அதே வாக்கியம்தான். தன் தவறு என்று அவர் நினைத்துவிடாதபடி இதைச் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் அறிவுரை எதுவும் சொல்லாமல் முதலில் விடைத்தாளைக் காட்டினேன். “இங்க சரியா போட்டிருக்காங்க, பயத்துல அடிச்சிருக்காங்க” என்றதும் அவர் அந்தக் கோட்டின்மேல் விரல் வைத்துப் பார்த்தார். மகள் படிக்காமல் இருக்கவில்லை என்று அவருக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

பெற்றோரிடம் பத்து செய்திகள் சொன்னால் ஒன்றும் நிற்காது. நான் மூன்றைத்தான் சொல்வது வழக்கம்.

ஒன்று, தேர்வு எழுதிவிட்டு வரும் அன்று அந்தத் தேர்வைப் பற்றிப் பேச வேண்டாம். எந்த வினாவை விட்டாய், எவ்வளவு வரும் என்று கணக்குப் போடுவதால் எழுதிய தாள் மாறாது. ஆனால் அடுத்த தேர்வுக்கான மனம் கலைந்துவிடும். சோறு போட்டுவிட்டு, “அடுத்தது எந்தப் பாடம்?” என்று மட்டும் கேட்டால் போதும்.

இரண்டு, தேர்வுக் காலத்தில் இரவு பத்து, பத்தரைக்குமேல் விளக்கு எரிய வேண்டாம். விழித்திருந்து படிக்கும் பிள்ளையைப் பார்த்தால் பெற்றோருக்குப் பெருமையாக இருக்கிறது. அந்த இரண்டு மணி நேரப் படிப்பை மறுநாள் காலையில் கூட்டல் கழித்தல் பிழைகளாகத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மூன்று, தேர்ச்சி பெறாவிட்டால் என்ன வழி என்பதைத் தேர்வுக்கு முன்பே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் போனால் துணைத்தேர்வு இருக்கிறது. அதில் தேறிவிட்டால் அதே ஆண்டில் பதினொன்றாம் வகுப்பில் சேர முடியும், ஓர் ஆண்டு வீணாவதில்லை. மதிப்பெண் குறைந்தாலும் தொழிற்பயிற்சி நிலையமும் பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. “இப்படிச் சொன்னா அலட்சியமா இருந்துருவா” என்று பல பெற்றோர் தயங்குகிறார்கள். அந்த அம்மாவும் அதையே கேட்டார். அலட்சியமான பிள்ளை சரியான விடையை மூன்று முறை அடித்துப் பார்க்காது என்று சொன்னேன். கீழே வலை இருப்பது தெரிந்தால் கயிற்றில் நடப்பவருக்குக் கால் நடுங்குவது குறையும்.

அப்பாவின் “பத்தாவதோட போதும்” என்ற பேச்சைப் பற்றி நான் வாதாடவில்லை. “ரிசல்ட் வர்ற வரைக்கும் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம், வந்தபிறகு நாம மூணு பேரும் உக்காந்து பேசலாம்னு டீச்சர் சொன்னாங்கன்னு சொல்லுங்க” என்று மட்டும் அனுப்பினேன். முடிவு எடுக்கும் நாளைத் தள்ளிவைத்ததே அந்த வீட்டில் சூட்டைக் குறைத்தது.

நாம் நிறுத்த வேண்டிய இடம்

மேலே சொன்னவை எல்லாம் தேர்வோடு வந்து தேர்வோடு போகும் பதற்றத்துக்கு உரியவை. சில பிள்ளைகளுக்கு நடப்பது அதைவிடப் பெரியது. இரண்டு வாரங்களுக்குமேல் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் இருப்பது, பிடித்த விளையாட்டையும் தோழமையையும் விட்டு ஒதுங்குவது, காரணமில்லாமல் பள்ளிக்கு வராமல் நிற்பது, உடம்பில் காயங்களை மறைப்பது ஆகியவை கண்ணில் பட்டால் வரிசையும் மூச்சும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. அது ஆசிரியரால் தீர்த்துவைக்கக்கூடியது அல்ல. தலைமையாசிரியரிடம் சொல்லி, பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு, தகுதியானவர்களின் உதவிக்கு அனுப்ப வேண்டும்.

“நான் இல்லாமப் போனா எல்லாருக்கும் நிம்மதி” என்பது போன்ற ஒரு வார்த்தை பேச்சிலோ, நோட்டின் கடைசிப் பக்கத்திலோ வந்தால் அதை மிரட்டலாகவோ நாடகமாகவோ எடுத்துக்கொள்ளக் கூடாது. “செத்துப்போகணும்னு தோணுதா?” என்று நேரடியாக, அமைதியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. யாரோ கேட்டார்கள் என்ற ஆறுதல்தான் வரும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. “உன்னைப் பார்த்துக்கக் கூடியவங்ககிட்ட மட்டும் சொல்வேன், உன்கூட நானும் இருப்பேன்” என்று சொல்ல வேண்டும். அன்றே பெற்றோருக்கும் தலைமையாசிரியருக்கும் தெரிவித்து, பிள்ளையைத் தனியே விடாமல் வீட்டாரிடம் நேரில் ஒப்படைக்க வேண்டும். வீட்டிலேயே ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தால் 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் வழிகாட்டி எண் 14417, மனநல உதவிக்கு 14416, மருத்துவ ஆலோசனைக்கு 104. இந்த நான்கு எண்களையும் வகுப்பறைச் சுவரில் பிள்ளைகளின் கண் உயரத்தில் எழுதிவைக்கலாம். தேர்வு முடிவு வரும் நாளில் பள்ளி விடுமுறையாக இருக்கும் என்பதால், அவற்றைக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்திலும் எழுதச் சொல்லிவிடுங்கள்.

இந்த வாரம் செய்ய ஒரு வேலை

நாற்பது பிள்ளைகளின் விடைத்தாளையும் இப்படி வாசிக்க நமக்கு நேரம் இல்லை, தேவையும் இல்லை. காலாண்டையும் அரையாண்டையும் பக்கத்தில் வைத்து, பதினைந்து மதிப்பெண்ணுக்குமேல் இறங்கியவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வகுப்பில் நான்கைந்து பேருக்குமேல் இருக்க மாட்டார்கள். ஒருவருக்குப் பத்து நிமிடம். சிவப்பு மையை விட்டுவிட்டு ஒரு பென்சிலை எடுத்து, சரியாக இருந்தும் அடிக்கப்பட்ட இடங்களைச் சுற்றி வட்டம் போடுங்கள். அந்த வட்டத்தைக் காட்டி, “இங்க என்ன ஆச்சு?” என்று கேளுங்கள். பதில் உடனே வராவிட்டால் மறுநாள் வரும். வட்டமே போட முடியாத தாள் கிடைத்தால், எந்த இயலிலிருந்து தொடங்க வேண்டும் என்று அந்தத் தாளே சொல்லிவிடும்.